டீசல் கழித்து 45 சதம்: பங்குக் கணக்கை எங்கே பார்க்க வேண்டும்?

“நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகில் நாலு பேர் தொழிலுக்குப் போகிறோம். படகு, எஞ்சின், வலை எல்லாம் ஓனருடையது. டீசல் செலவு போக எங்களுக்கு 45 சதம், அவருக்கு 55 என்று பேச்சு. கொஞ்ச நாளாக டீசல் செலவு ஏறிக்கொண்டே போகிறது, கையில் நிற்பது குறைகிறது. இன்னொரு ஓனர் 50 சதம் தருகிறேன், வா என்கிறார். போகலாமா? மீன் படாத நாளின் டீசல் கடனையும் எங்கள் கணக்கில் எழுதுவது நியாயமா?”

சதவீதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். எதைக் கழித்த பிறகு அந்தச் சதவீதம் போடுகிறார்கள் என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்கு, உங்கள் இறங்குதுறையின் விலையை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

மீன் ஏலத்தில் 20,000 ரூபாய்க்குப் போனது. ஏலக்காரர் கமிஷன் 5 சதம், 1,000 போக 19,000. டீசல் 45 லிட்டர், லிட்டர் 80 ரூபாய் என்று 3,600. ஐஸ் 600, சாப்பாடு தண்ணீர் 800. ஆகச் செலவு 5,000. மிச்சம் 14,000. இதில் உங்கள் 45 சதம் 6,300. டிரைவருக்கு ஒன்றரைப் பங்கு, மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு என்றால் மொத்தம் நாலரைப் பங்கு. ஒரு பங்கு 1,400, டிரைவருக்கு 2,100.

இப்போது 50 சதம் தருகிறேன் என்பவரிடம் போவோம். அவர் பங்கு வைப்பதற்கு முன்பே, விற்ற தொகையில் 10 சதம் ‘படகுக் கழிவு’ என்று எடுத்துவிடுகிறார், அப்புறம் வலைச் செலவு என்று நாளுக்கு 500 பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே 20,000 ரூபாய் மீனுக்கு 14,000-லிருந்து 2,000-மும் 500-ம் போய் 11,500 நிற்கும். அதில் பாதி 5,750. நாற்பத்தைந்தில் வந்ததைவிட 550 ரூபாய் குறைவு.

மீன் குறைவாகப் பட்ட நாளில் இது இன்னும் கடிக்கும். விற்றது 8,000 மட்டும் என்றால், கமிஷனும் செலவும் போக 2,600 நிற்கும்; பழைய ஓனரிடம் உங்கள் நாலு பேருக்கும் சேர்த்து 1,170. புதியவரிடம் மேலும் 1,300 கழிந்து, மீதியில் பாதி 650. விற்ற மொத்தத் தொகையில் கை வைக்கும் கழிவு, லாபம் வந்ததா வரவில்லையா என்று பார்ப்பதில்லை. நல்ல மீன்பாடு கிடைத்து 40,000-க்கு விற்றாலும் பழைய கணக்கில் 14,850, புதிய கணக்கில் 14,250. இந்தக் கழிவுகள் இருக்கும் வரை எவ்வளவு மீன் பட்டாலும் அந்த 50 சதம் உங்கள் 45-ஐத் தொடாது. அதனால் போவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “பங்கு வைக்கும் முன் எதையெல்லாம் எடுப்பீர்கள்?” அவர் டீசல், ஐஸ், சாப்பாடு, ஏலக் கமிஷனோடு நிறுத்திக்கொண்டால் தாராளமாகப் போங்கள்.

எதைப் பொதுச் செலவில் எழுதலாம் என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் எளிது. அந்த ஒரு பயணத்தோடு தீர்ந்துபோவது பொதுச் செலவு. பயணம் முடிந்த பிறகும் ஓனர் கையில் இருப்பது ஓனர் செலவு. டீசலும் ஐஸும் தீர்ந்துபோகின்றன. படகு, எஞ்சின், வலை அவரிடமே இருக்கின்றன; அவற்றின் தேய்மானத்துக்குத்தான் அவர் 55 வாங்குகிறார். அதே தேய்மானத்தைக் கழிவாகவும் எடுத்தால் இரண்டு முறை வாங்குகிறார் என்று அர்த்தம். வலை விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கிழிந்த வலையைக் கரையில் உட்கார்ந்து கூலி இல்லாமல் தைப்பது பெரும்பாலும் நீங்கள்தான். உழைப்பை நீங்கள் கொடுத்த பிறகு நூல் காசையும் உங்கள் பக்கம் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, டீசலுக்கு வருவோம். ஓனர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டும் முன் அளந்து பாருங்கள். டீசல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குதிரைசக்திக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும், 0.2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 25 குதிரைசக்தி எஞ்சின் என்றால் மணிக்கு 5 லிட்டர். போக மூன்று மணி நேரம், திரும்ப மூன்று மணி நேரம் என்றால் 30 லிட்டர். வலை போட்டுக் காத்திருக்கும் நேரத்தில் எஞ்சின் நிற்கிறது, அதற்குக் கணக்கு இல்லை. வலை போடும்போதும் இழுக்கும்போதும் மெதுவாக ஓடிய நேரத்துக்கு இன்னும் ஐந்தாறு லிட்டர். ஆக 36-க்குப் பக்கத்தில் வர வேண்டும். பில்லில் 45 இருக்கிறது.

அந்த ஒன்பது லிட்டர் பெரும்பாலும் டேங்கிலேயே இருக்கும். நான் பார்த்த தகராறுகளில் பாதி இதுதான்: வாங்கிய டீசலைச் செலவான டீசலாக எழுதுவது. முந்தைய நாள் மிச்சம் டேங்கில் கிடக்க, மறுநாள் மறுபடியும் 45 லிட்டர் பில் பொதுச் செலவில் ஏறும். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பில்லைப் பார்த்து எழுதும் பழக்கம்தான். ஆனால் ஒன்பது லிட்டர் 720 ரூபாய். உங்கள் பக்கத்து 45 சதம் 324, ஒரு பங்குக்கு 72. மாதம் இருபது நாள் கடலுக்குப் போனால் 1,440. ஒரு முழு நாள் பங்கே போய்விடுகிறது.

சரிபார்க்கும் வழி இது. கிளம்பும் முன் டேங்கை ஒரு குறி வரை நிரப்புங்கள். திரும்பி வந்து, படகு ஆடாமல் நிற்கும்போது அதே குறி வரை மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் அன்றைய செலவு. கேனில் ஊற்றினால் கேன் கணக்கு. குச்சி விட்டு அளந்தாலும் சரி, ஒரே இடத்தில் விடுங்கள்.

இப்படி அளந்தும் 45 லிட்டர்தான் காட்டுகிறது என்றால் படகைப் பாருங்கள். அடிப்பகுதியில் சிப்பியும் பாசியும் ஏறியிருந்தால் படகு இழுக்கும். புரொப்பல்லர் இலை வளைந்திருந்தாலோ வலைத்துண்டு சுற்றியிருந்தாலோ எஞ்சின் திணறும். அதே வேகத்துக்கு முன்பைவிட அதிகம் முறுக்க வேண்டியிருக்கிறதா, கறுப்புப் புகை தள்ளுகிறதா என்று டிரைவர் கவனித்தாலே தெரிந்துவிடும். நாசில் அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும். படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது ஓனர் செலவு. அதைத் தள்ளிப்போட்டால் கூடுதல் டீசல் பொதுச் செலவில் போகிறது, அதில் 45 சதம் உங்களுடையது. அவர் மிச்சம் பிடிக்கும் காசின் ஒரு பகுதியை நீங்கள் தினமும் கட்டுகிறீர்கள். இதை அவரிடம் சண்டையாக அல்ல, கணக்காகச் சொல்லுங்கள். மீதி 55 சதம் அவர் பணம்தானே. உங்கள் பக்கமும் ஒன்று உண்டு: ஏலத்துக்கு முந்த வேண்டும் என்று முழு வேகத்தில் ஓட்டினால், வேகம் கூடும் அளவைவிடப் பல மடங்கு டீசல் கூடும்.

டீசல் விலையையும் பாருங்கள். பதிவு செய்த படகுகளுக்குத் தமிழக அரசு விற்பனை வரி இல்லாமல் ஒரு அளவு டீசல் தருகிறது. அந்த டீசலை வாங்கிவிட்டு பங்கு வைக்கும்போது வெளி பங்க் விலையில் எழுதினால், வித்தியாசம் ஓனர் பைக்குப் போகிறது. என்ன விலைக்கு வாங்கினாரோ அதுவே கணக்கில் வர வேண்டும். பில்லை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டீசலையே பார்த்துக்கொண்டிருந்து வரவுப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஓனர் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் மீனை அவருக்கே கொடுத்தாக வேண்டும். ஏலத்தில் கிலோ 300-க்குப் போகும் மீனுக்கு அவர் 270 போடுவார். அந்த 30 ரூபாய், ஓனர் வாங்கிய கடனின் வட்டி. கடன் அவருடையது என்றால் வட்டியும் அவருடையதுதான். அன்று அதே துறையில் அதே மீன் ஏலம் போன விலையை வைத்துப் பங்கு போடச் சொல்லுங்கள்.

மீன் படாத நாளுக்கு வருவோம். விற்றது 4,000, கமிஷன் 200, செலவு 5,000 என்றால் 1,200 நட்டம். நாளுக்கு நாள் பங்கு வைக்கும் படகில் இதை ஓனர் ஏற்றுக்கொள்வதும் உண்டு, அடுத்த முறை மீன் படும்போது கழிப்பதும் உண்டு. வாரக் கணக்கு வைக்கும் படகில், அந்த வாரத்துக்குள் கழித்துக்கொள்வதை நான் நியாயம் என்றே சொல்வேன். லாபத்தில் பங்கு என்றால் செலவிலும் பங்குதான். 1,200-ல் உங்கள் பாரம் 540, ஒரு பங்குக்கு 120. ஆனால் வாரம் முழுக்கப் பாடு இல்லாமல் கணக்கு நட்டத்தில் முடிந்தால், அதை உங்கள் பேரில் கடனாக எழுதக்கூடாது. உங்களுக்கு அந்த வாரம் உழைப்பு முழுவதும் போயிற்று, அதுவே உங்கள் நட்டம். பேரில் எழுதிய கடன் வளர்ந்தால் வேறு படகுக்கு மாறவும் முடியாமல் போகும்.

வீட்டுச் செலவுக்கு வாங்கும் முன்பணம் வேறு விஷயம். அது உங்கள் கடன், திருப்பித் தர வேண்டியதுதான். அதைத் தனி நோட்டில் எழுதுங்கள். படகு நட்டத்தையும் முன்பணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து எது எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

மீன்பிடித் தொழிலாளர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2007-ம் ஆண்டு உடன்படிக்கை, பங்கு முறையில் வேலை என்றால் பங்கு எவ்வளவு, எப்படிக் கணக்கிடுவது என்பதை எழுத்தில் வைக்கச் சொல்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை, அதனால் அதைக் காட்டிக் கேட்க முடியாது. ஆனால் அதே விஷயத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டில் நீங்களே எழுதிக்கொள்ளத் தடை இல்லை. தேதி, விற்ற தொகை, கமிஷன், பிடித்த டீசல் லிட்டர், விலை, ஐஸ், சாப்பாடு, மிச்சம், பங்கு. ஓனரும் டிரைவரும் கையெழுத்துப் போட்டால் போதும். தகராறு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனாலும் பெரியவர்கள் கையில் வாங்கிப் பார்க்க ஏதாவது இருக்கும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். உங்கள் படகு அந்த நாட்களில் போனாலும் போகாவிட்டாலும், பழைய கணக்கை முடித்துப் புதுப் பேச்சு பேச அதுதான் தோதான நேரம். அதுவரை இப்போதைய ஓனரிடமே இருந்து, இரண்டு வாரம் டேங்க் குறியை வைத்து டீசலை அளந்து பாருங்கள். 36-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசம் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு, அந்த நோட்டோடு அவரிடமும் மற்றவரிடமும் பேசுங்கள்.