வரிசையாக ஆறு நஷ்டம்: விதி தப்பா?

"கிரிப்டோ தினசரி சார்ட்டில் டோஞ்சியன் விதிப்படி 20 நாள் உச்சத்தைத் தாண்டினால் வாங்கி, 10 நாள் தாழ்வை உடைத்தால் விற்கிறேன். வரிசையாக ஆறு நஷ்டம். பொய் பிரேக்அவுட்டை வடிகட்டும் இண்டிகேட்டர் என்று காட்பாடியில் ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?" – வாசகர், குடியாத்தம்

வேண்டாம். இந்த முறையில் பத்துக்கு மூன்று, நான்கு வர்த்தகம் ஜெயித்தாலே சாதாரணம். அதனால் வரிசையாக ஆறு தோற்பது அதிசயமில்லை. பெரிய ஏற்றமும் முதல் நாளில் அந்த ஆறு பொய் பிரேக்அவுட் மாதிரியேதான் இருக்கும். இரண்டையும் அன்றே பிரித்துச் சொல்ல எந்த இண்டிகேட்டராலும் முடியாது. அவர் காட்டுவது பழைய சார்ட்; முடிவு தெரிந்த பிறகு எவரும் வடிகட்டலாம். எக்ஸ்சேஞ்ச் தரும் அவருடைய சொந்த வரி ஸ்டேட்மென்டைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவார்.

நீங்கள் பார்க்க வேண்டியது அளவு. கையில் 2 லட்சம் இருந்தால் ஒரு வர்த்தகத்தில் நஷ்டம் 2,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. விலை 100, பத்து நாள் தாழ்வு 90 என்றால் இடைவெளி 10. ஆக 200 காயின், 20,000 ரூபாய்க்கு மட்டும். ஆறு தோற்றாலும் 12,000தான் போகும். அதைவிட அதிகம் போயிருந்தால் தப்பு விதியில் இல்லை. அப்புறம், இன்றைய உச்சத்தையும் கணக்கில் சேர்த்தால் முடிவு விலை அந்த உச்சக் கோட்டைத் தாண்டவே தாண்டாது. டிரேடிங்வியூவின் பைன் ஸ்கிரிப்டில் நேற்று வரையான 20 நாளை இப்படி எடுங்கள்:

```
close > ta.highest(high, 20)[1]
```

பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளில் நாள் முடிவது நம் நேரப்படி காலை 5.30 மணி. நடுராத்திரியில் கோடு தாண்டியதைப் பார்த்து வாங்காதீர்கள்.

உண்மையான ஓட்டை வரியில் இருக்கிறது. பத்து வர்த்தகம் என்று வையுங்கள். ஏழில் 14,000 நஷ்டம், இரண்டில் சேர்ந்து 6,000 லாபம், ஒன்றில் 24,000 லாபம். கையில் நிற்பது 16,000. ஆனால் கிரிப்டோவில் நஷ்டத்தை லாபத்தில் கழிக்க விடமாட்டார்கள், அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. 30,000க்கும் 30 சதவீத வரி, அதன்மேல் செஸ், மொத்தம் 9,360. மிச்சம் 6,640. அந்தப் பெரிய ஒன்று வராமல் 8,000 நஷ்டத்தில் நின்றாலும், 6,000க்கு வரி கட்டத்தான் வேண்டும். நஷ்டப்பட்டவனிடமே வசூல்! சிறு நஷ்டங்களால் ஆன ஒரு முறைக்கு இதைவிட மோசமான சட்டம் எழுத முடியாது.

ஒன்று மட்டும் விதிவிலக்கு, 1 சதவீத டிடிஎஸ். 20,000க்கு விற்றால் 200 பிடிப்பார்கள். அது நஷ்டமில்லை, உங்கள் பேரில் கட்டிய வரி. ரிட்டர்ன் போட்டால் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்ப வரும். ரிட்டர்னே போடாதவர்களுக்குத்தான் அது போனது போனதுதான். "டிடிஎஸ்ஸை மீட்டுத் தருகிறேன்" என்று கமிஷன் கேட்பவரையும் நம்பாதீர்கள். அதற்கு வழக்கமான ரிட்டர்னே போதும்.

விதியைத் தொடர்வதானால் 55 நாள் உச்சத்தில் வாங்கி, 20 நாள் தாழ்வில் விற்றுப் பாருங்கள். தாமதமாக நுழைவீர்கள், இடைவெளி பெருகுவதால் காயின் எண்ணிக்கை இன்னும் குறையும். ஆனால் வர்த்தகம் குறையும், கழிக்க முடியாத நஷ்டங்களும் குறையும்.