கட்டி முடியாத வீட்டுக்கு மாதாமாதம் வட்டி: நிறுத்தலாமா?

கேள்வி: 63 லட்ச ரூபாய்க்கு ஒரு அடுக்குமாடி வீடு. கையிலிருந்து 15 லட்சம் கட்டினேன். வங்கி அனுமதித்த 48 லட்சத்தில் இதுவரை மூன்று தடவையாக 36 லட்சம் பில்டருக்குப் போய்விட்டது. 2024 டிசம்பர் 31-க்குள் சாவி தருவதாக ஒப்பந்தம். ஒன்பது மாதம் தாண்டிவிட்டது. கடைசி 12 லட்சத்தை, ஐந்தாம் தளம் கான்கிரீட் முடிந்தது என்று சொல்லி வாங்கினார்கள். நேரில் போனால் மூன்றாம் தளம்தான் நிற்கிறது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டுமான ப்ரீ-இஎம்ஐ மாதம் 25,500 ரூபாய் கட்டுகிறேன், வாடகை வேறு. இப்போது மீதி 12 லட்சத்தையும் கேட்கிறார்கள். வட்டியை நிறுத்திவிடலாமா? கட்டிய வட்டியை பில்டரிடம் வாங்க முடியுமா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: வட்டியை நிறுத்தாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தம் வங்கியோடு செய்தது. கட்டுமான ஒப்பந்தம் பில்டரோடு செய்தது. பில்டர் தவறினார் என்பதை வங்கிக்கு எதிரான பதிலாகச் சொல்ல முடியாது. தொண்ணூறு நாட்களுக்கு மேல் நிலுவை நின்றால் உங்கள் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். பிறகு பில்டர் மீது நீங்கள் வழக்காடுவதற்குப் பதிலாக, உங்கள் மீது வங்கி நடவடிக்கை எடுக்கும் நிலை வந்துவிடும். நிறுத்த வேண்டியது அடுத்த 12 லட்சத்தைத்தான்.

நீங்கள் கட்டும் 25,500 ரூபாய் எப்படி வருகிறது என்பதைப் பார்த்தாலே இதன் அவசரம் புரியும். ஆண்டுக்கு 8.5 சதவீத வட்டியில், விடுவிக்கப்பட்ட ஒவ்வொரு 12 லட்சத்துக்கும் மாதம் 8,500 ரூபாய். மூன்று தடவைக்கு 25,500. இதில் ஒரு ரூபாய் கூட அசலில் கழிவதில்லை. ஆகவே வேலை முடியாமலே மூன்றாவது 12 லட்சம் போனதால், அந்த வேலை முடியும் வரை மாதம் 8,500 ரூபாயைக் காரணமில்லாமல் தந்துகொண்டிருக்கிறீர்கள். நான்காவது தவணையும் போனால் தொகை 34,000 ஆகும்.

வங்கி எப்படிக் கொடுத்தது என்று நீங்கள் வியக்கலாம். கடன் ஆவணங்களில் கையெழுத்திட்ட நாளில், தேதியும் தொகையும் நிரப்பப்படாத விடுவிப்புக் கோரிக்கைப் படிவங்கள் நான்கைந்திலும் உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பெரும்பாலானோர் அதை வாசிப்பதில்லை. என்னிடம் வருபவர்களில் பலர் அப்படி ஒரு தாள் இருந்ததையே மறந்திருக்கிறார்கள். பணம் கேட்டு பில்டர் அனுப்பும் டிமாண்ட் லெட்டர் வந்ததும் அந்தத் தாளை இணைத்துப் பணம் விடுவிக்கப்படுகிறது. ஆனால் வீட்டுக் கடனைக் கட்டுமான நிலைகளோடு நெருக்கமாக இணைத்தே விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. எனவே கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: முன்பு கொடுத்த கோரிக்கைப் படிவங்களைத் திரும்பப் பெறுகிறேன், இனி என் எழுத்துபூர்வமான சம்மதமும் வங்கியின் பொறியாளர் தளத்தை நேரில் பார்த்த அறிக்கையும் இல்லாமல் எதையும் விடுவிக்க வேண்டாம், மூன்றாவது தவணைக்கு அடிப்படையான ஆய்வறிக்கையின் நகலைத் தரவும் என்று. ஒப்புகை முத்திரை இல்லாமல் கிளையை விட்டு வராதீர்கள். பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்புங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒப்பந்தப்படி உரிய நிலை உண்மையிலேயே முடிந்திருந்தால், பணம் தர மறுக்கும் வாங்குபவரும் வட்டி கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா சட்டம், கூறுகிறது. ஆகையால் கோபத்தில் மறுக்கக் கூடாது, ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். தேதி தெரியும்படி கட்டடத்தைப் படம் எடுங்கள். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பில்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவேற்ற வேண்டிய முன்னேற்ற விவரத்தை, அவருடைய டிமாண்ட் லெட்டரோடு ஒப்பிடுங்கள். உங்களிடம் ஐந்தாம் தளம், இணையதளத்தில் மூன்றாம் தளம் என்று இருந்தால், அவர் கையாலேயே அவருக்கு எதிரான சான்று எழுதப்பட்டிருக்கிறது.

இனி, பில்டரிடம் என்ன பெறலாம்? சட்டத்தின் 18-ஆம் பிரிவு உங்களுக்கு இரண்டு வழிகளைத் தருகிறது: விலகிக்கொண்டு கட்டிய பணத்தை வட்டியோடு பெறலாம், அல்லது வீட்டையே விரும்பினால், சாவி தரும் வரை தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். தமிழ்நாட்டு விதிகளின்படி இந்த வட்டி விகிதம் பாரத ஸ்டேட் வங்கி கடன்களுக்கு அடிப்படையாக வைக்கும் எம்.சி.எல்.ஆர். விகிதத்தின் உச்சத்தோடு 2 சதவீதம் கூட்டியது. நீங்கள் கட்டிய ப்ரீ-இஎம்ஐயைத் தனித் தலைப்பில் கேட்டால் கிடைப்பது கடினம். பணத்தை வட்டியோடு திருப்பித் தரும் நிறுவனம், அதற்கு மேல் வாங்குபவரின் வங்கிக் கடன் வட்டியையும் சுமக்க வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஒரு பஞ்சாப் வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால் இதில் நீங்கள் நட்டப்படப் போவதில்லை. 18-ஆம் பிரிவு வட்டி, வங்கி தந்த 36 லட்சத்துக்கு மட்டுமல்ல, உங்கள் 15 லட்சத்துக்கும் சேர்த்து 51 லட்சத்துக்குக் கணக்கிடப்படும். விகிதத்தைக் கணக்குக்காக 11 சதவீதம் என்று வைத்தால் மாதம் 46,750 ரூபாய், ஒன்பது மாதத்துக்கு 4,20,750. நீங்கள் அதே காலத்தில் கட்டிய ப்ரீ-இஎம்ஐ 2,29,500 தான்.

மனு போடுவதற்கு முன் கட்டுமான ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஆறு மாதம் கூடுதல் அவகாசம் என்று ஒரு வரி இருந்தால், தாமதம் அது கழிந்த பிறகே எண்ணப்படும் வாய்ப்புண்டு. உங்கள் ஒன்பது மாதம் மூன்றாகச் சுருங்கும். மற்றொன்று ஒப்படைப்புத் தேதி. ரெரா பதிவு 2027 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது, அதுவரை தாமதமே இல்லை என்று பில்டர் சொல்லக்கூடும். உங்களோடு செய்த ஒப்பந்தத்தின் தேதிதான் கணக்கு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

என் கருத்து, மூன்றாம் தளத்திலேயே நிற்கும் கட்டடத்தில் இன்னும் காத்திருப்பதா என்பதை நீங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டும் என்பதே. விலகுவதானால், திரும்பும் பணத்தில் வங்கிக்கு முதல் உரிமை இருக்கும். எனவே 36 லட்சத்தை வங்கிக்கு நேரே செலுத்தவும், மீதியையும் வட்டியையும் உங்களிடம் தரவும் உத்தரவிடும்படி மனுவில் கேளுங்கள், வங்கியையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். விலகாமல் வீட்டுக்காகக் காத்திருப்பதானால் மாத வட்டி மட்டும் கேளுங்கள். இரண்டுக்கும் ரெரா ஆணையத்தில் எம் படிவமே; மன உளைச்சல், வாடகை போன்ற இழப்பீடு வேண்டுமானால் ரெராவின் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் தனி மனு.

வருமான வரியைப் பற்றியும் ஒன்று. பழைய வரி முறையில், கட்டி முடிப்பதற்கு முந்தைய வட்டியை, முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பாகங்களாகக் கழிக்கலாம். ஆனால் கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டடம் முடியாவிட்டால், சொந்தக் குடியிருப்புக்கான ஆண்டுச் சலுகை 2 லட்சத்திலிருந்து 30,000 ஆகக் குறைகிறது.

கடைசியாக, சாவி தரும் நாளில் ஒப்படைப்புக் கடிதம் ஒன்றை நீட்டுவார்கள். 'தாமதம் குறித்து எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை அடித்துவிட்டு, 'என் உரிமைகளைத் தக்கவைத்துக்கொண்டு பெறுகிறேன்' என்று கையால் எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.