மெடிக்கலில் வாங்கிய முகக்கிரீமும் மூன்றாவது மாதமும்

"டாக்டர், எனக்கு இது 11-வது வாரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கன்னத்தில் பரு உண்டு. எட்டு மாதமாக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு கிரீமை இரவில் போட்டுவந்தேன். டியூபில் ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாய்ன், மொமெட்டாசோன் என்று போட்டிருக்கிறது. கர்ப்பத்தில் கூடாது என்று தோழி சொன்னதால் பத்து நாளுக்கு முன் நிறுத்திவிட்டேன். அதிலிருந்து முகம் சிவந்து எரிகிறது, பரு இரண்டு மடங்காகிவிட்டது, கன்னத்து எலும்பின் மேல் மங்கும் பரவுகிறது. குழந்தைக்கு ஏதும் ஆகியிருக்குமா? இப்போது எதைத்தான் போடுவது?"
— ஒரு வாசகி, திருப்பூர்

குழந்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கிரீமை முகத்தில் போட்டதற்காகக் கருவைக் கலைப்பது பற்றி யோசிக்கவே தேவையில்லை. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் டியூபைக் காட்டி, எத்தனையாவது வாரம் வரை போட்டீர்கள் என்று சொல்லுங்கள். 18 முதல் 20 வாரத்தில் எல்லோருக்கும் எடுக்கும் அனாமலி ஸ்கேனை நீங்களும் எடுத்துக்கொள்வீர்கள். அதற்கு மேல் தனியாக ஒரு பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. நிறுத்தியது சரியான முடிவு. மறுபடி அதைத் தொடவேண்டாம்.

அந்த டியூபில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. மூன்றையும் விடச் சொல்வதற்கு மூன்று வேறு வேறு காரணங்கள். இது புரிந்தால் நாளைக்கு வேறு எந்த டியூபைக் கையில் எடுத்தாலும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

ட்ரெடினாய்ன் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் பருவுக்கு வாய்வழி கொடுக்கும் ஐசோட்ரெடினாய்ன் மாத்திரை, கருவின் காது, இதயம், மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது ஐயமில்லாமல் தெரிந்த விஷயம். கர்ப்பத்தில் அந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தோலில் தடவும்போது ரத்தத்தில் சேர்வது மிகக் கொஞ்சம். தெரியாமல் முதல் மூன்று மாதத்தில் தடவிய பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பரு என்ற காரணத்துக்காக அந்தச் சின்ன வாய்ப்பைக்கூட எடுக்கவேண்டாம் என்றுதான் நாங்கள் நிறுத்தச் சொல்கிறோம். இரவு கிரீம்களில் வரும் ரெட்டினால், ரெட்டினைல் பால்மிட்டேட், பருவுக்கான அடாபலீன் எல்லாம் இதே குடும்பம்தான். 'வயதைக் குறைக்கும்' என்று எழுதிய டப்பா வீட்டில் இருந்தால் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

ஹைட்ரோகுவினோன் கருமையைக் குறைக்கும் மருந்து. இதன் சிக்கல் உறிஞ்சப்படும் அளவு. தடவியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடலுக்குள் போய்விடும். தோலில் போடும் மருந்துக்கு இது மிக அதிகம். இதனால் குழந்தைக்குக் குறை வந்ததாக நிரூபணம் இல்லை. ஆனால் இவ்வளவு உள்ளே போகிற ஒன்றை, பிரசவத்துக்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய மங்குக்காக இப்போது போடுவதில் நியாயம் இல்லை.

மூன்றாவது, மொமெட்டாசோன். இது ஸ்டீராய்டு. நீங்கள் முகத்தில் பூசிய அளவு குழந்தையைப் பெரிதாகப் பாதிக்கும் என்று நான் பயப்படவில்லை. வீரியமான ஸ்டீராய்டு களிம்பை உடம்பெங்கும் டியூப் டியூபாகப் பூசுபவர்களுக்குத்தான் குழந்தையின் எடை குறைகிற கவலை இருக்கிறது. மொமெட்டாசோன் கெடுத்தது உங்கள் முகத்தை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசிய முகத்தில் தோல் மெலிந்து, அதன் இயல்பான அரண் போய்விடும். பூசும் வரை சிவப்பும் வீக்கமும் அடங்கி, முகம் 'பளிச்' என்று இருக்கும். நிறுத்திய ஒன்றிரண்டு வாரத்தில் அடக்கிவைத்த எல்லாம் ஒன்றாக வெளியே வரும். உங்களுக்கு இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். கர்ப்பத்தின் ஹார்மோன்களும் பருவைக் கூட்டியிருக்கலாம். ஆனால் பத்து நாளில் சிவப்பு, எரிச்சல், ஒரே மாதிரி சின்னச் சின்னப் பருக்கள் எல்லாம் சேர்ந்து வந்தால் நான் முதலில் ஸ்டீராய்டைத்தான் சந்தேகிப்பேன். இந்த எரிச்சல் தாங்காமல்தான் பலர் அதே கிரீமுக்குத் திரும்பிப் போகிறார்கள். இரண்டே நாளில் முகம் அடங்கிவிடும், சுழற்சி மறுபடி ஆரம்பித்துவிடும். பரிந்துரைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத இந்தக் கிரீமை, சிவப்பழகு கிரீம் போல நம் பெண்கள் கையில் எடுத்துக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது.

சரி, இப்போது செய்யவேண்டியதைப் பார்ப்போம்.

அடுத்த மூன்று நான்கு வாரங்களுக்குப் பருவுக்கும் மங்குக்கும் மருந்தே வேண்டாம். எரிகிற தோலில் எதைப் போட்டாலும் அது இன்னும் எரியும். வாசனையும் நுரையும் குறைந்த ஒரு மென்மையான ஃபேஸ்வாஷால் காலையும் இரவும் கழுவுங்கள். முகத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காயும் முன்பே வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரைப் போடுங்கள். எரிச்சல் அதிகமான நேரத்தில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் முகத்தில் வையுங்கள். இதற்கும் அடங்காமல் சீழ் வைத்த பருக்கள் முகம் முழுக்க வந்தாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சல் இருந்தாலோ தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். சிலருக்கு வீரியம் மிகக் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். அதை மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

முதல் நாளிலிருந்தே போடவேண்டிய ஒன்று சன்ஸ்கிரீன். மங்கைப் பொறுத்தவரை இதுதான் பாதி வைத்தியம். கர்ப்பத்தில் நிறமிச் செல்கள் ஹார்மோன்களால் தூண்டப்பட்டிருக்கும், வெளிச்சம் பட்டால் உடனே வேலையைத் தொடங்கிவிடும். துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனாகப் பாருங்கள். இவை பெரும்பாலும் தோலின் மேலேயே தங்கி, உள்ளே போகாதவை. ஆக்சிபென்சோன் உள்ளவை ரத்தத்தில் சேர்வதால் கர்ப்பத்தில் தவிர்த்துவிடலாம். இதில் கடையில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற மாநிறம், கருநிறம் உள்ளவர்களுக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெள்ளைச் சன்ஸ்கிரீன் அதைப் போதுமான அளவுக்குத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் வரும் 'டின்டட்' சன்ஸ்கிரீன்தான் தடுக்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, அதை முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் போடவேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும் நாளும் வெயில் நாள்தான்.

எரிச்சல் அடங்கி, மாய்ஸ்சரைசர் போட்டால் காந்தாத நிலை வந்ததும் அசெலாயிக் அமிலத்தை ஆரம்பிக்கலாம். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இயற்கையாகவே இருக்கும் பொருள் இது. கர்ப்பத்தில் பருவுக்கும் மங்குக்கும் சேர்த்து நான் முதலில் எழுதிக்கொடுப்பது இதைத்தான். பருக்கிருமியைக் குறைக்கும், வீக்கத்தை அடக்கும், நிறமி உண்டாவதையும் தடுக்கும். உள்ளே உறிஞ்சப்படுவதோ மிகக் குறைவு. 10 சதவீத ஜெல்லில் தொடங்குங்கள். மாய்ஸ்சரைசர் போட்டுக் கால் மணி நேரம் கழித்து, பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், அப்புறம் தினமும். தடவியதும் பத்துப் பதினைந்து நிமிடம் எறும்பு ஊர்வது போல அரிப்பு இருக்கும். அது இயல்பு, இரண்டு மூன்று வாரத்தில் குறையும். மறுநாள் காலை வரை சிவந்திருந்தால் மட்டும் வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஒத்துக்கொண்டால் மருத்துவரிடம் கேட்டு 15 அல்லது 20 சதவீதத்துக்குப் போகலாம். பருவில் மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், மங்கில் மூன்று மாதம்கூட ஆகலாம்.

சீழ்ப்பருக்கள் தொடர்ந்து வந்தால் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடைப் பரு வரும் இடத்தில் தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடலாம். தலையணை உறையையும் துண்டையும் வெளுக்கவைக்கும், வெள்ளைத் துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். கிளின்டாமைசின் ஜெல்லும் கர்ப்பத்தில் பாதுகாப்பானதுதான். ஆனால் அதை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே போடவேண்டும். சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் வரை உள்ள ஃபேஸ்வாஷ் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கழுவிவிடுகிற பொருள், பயம் வேண்டாம். பார்லரில் செய்யும் வீரியமான சாலிசிலிக் பீல்தான் கூடாது. மாத்திரைகளில் டாக்சிசைக்ளினும் மினோசைக்ளினும் குழந்தையின் பற்களில் கறை ஏற்படுத்தக்கூடும். மங்குக்கு எழுதப்படும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையும் இப்போது வேண்டாம், ஏனென்றால் கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, இருக்கிற மங்கோடு இன்னொரு கருமையும் சேரும். அதையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் டியூபைவிட நான் அதிகம் அஞ்சுவது, மூலப்பொருள் பட்டியலே இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்களுக்கு. அவற்றில் பாதரசம் இருக்கலாம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வரை போகக்கூடியது. 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில், சிவப்பழகு கிரீம் பூசியவர்கள் சிறுநீரக நோயோடு வந்தபோது கிரீம்களைச் சோதித்ததில் பாதரசம் மிக அதிகமாக இருந்தது. 'தங்கம், வெள்ளி நகை இதன்மேல் படக்கூடாது' என்று எச்சரித்து விற்கும் கிரீம் என்றால் அதில் பாதரசம் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒன்றைப் பூசியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தம், சிறுநீர் இரண்டிலும் பாதரச அளவையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்வார்.

பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு மங்கு சில மாதங்களில் தானாகவே மங்கும். சிலருக்கு அப்படியே தங்கிவிடும். பாலூட்டும்போதும் அசெலாயிக் அமிலத்தையும் சன்ஸ்கிரீனையும் தொடரலாம், ஹைட்ரோகுவினோனுக்குப் போகவேண்டாம். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஹார்மோன் மாத்திரை யோசிப்பதாக இருந்தால், அதுவும் மங்கைக் கூட்டும் என்பதைச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள்.