முடியாது என்று அவர் இரண்டு முறை சொன்னார்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு இயந்திரத் தயாரிப்பு நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு உதிரிபாகம் செய்துதரும் ஒரு ஜப்பானிய நிறுவனத்திடம், ஜூன் மாதம் வரவேண்டிய சரக்கை மே 15-க்குள் அனுப்ப முடியுமா என்று கூட்டத்தில் கேட்டேன். அவர்கள் எப்போதும் யோசித்துத்தான் பேசுவார்கள், கொஞ்சம் மௌனம். பிறகு, "அச்சுப் பிரிவில் இப்போது ஆள் குறைவு, உள்ளே பேசிப் பார்க்கிறோம்" என்றார் அவர்களின் மேலாளர். நாங்களே இரண்டு பேரை அனுப்புகிறோம் என்றேன். "மிக்க நன்றி, அதையும் பரிசீலிக்கிறோம்" என்றார். ஒப்புக்கொண்டார்கள் என்று மேலே எழுதிவிட்டேன். மே 15 வந்தது, சரக்கு வரவில்லை. முகத்துக்கு நேரே பொய் சொல்கிறவர்களோடு எப்படி வேலை செய்வது? வெளிப்படையாகப் பேச அவர்களுக்குப் பயிற்சி வகுப்பு வைக்கலாமா? இதைப் பற்றி நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர் பொய் சொல்லவில்லை. முடியாது என்று உங்களிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இந்த விஷயம் கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். புத்தகம் இப்போது வேண்டாம். பயிற்சி வகுப்புப் பேச்சையும் விட்டுவிடுங்கள், வகுப்பு தேவைப்படுவது அவருக்கு இல்லை.

முதலில் அந்த மௌனம். அவர்கள் எப்போதும் யோசித்துத்தான் பேசுவார்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். பத்து மொழிகளில், ஆமாம் இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளுக்கு மக்கள் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறார்கள் என்று அளந்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. சராசரியில் மிக விரைவாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில்தான். மெதுவாக வந்தது டேனிஷ் மொழியில், இரண்டுக்கும் இடைவெளி அரை வினாடிகூட இல்லை. பொதுவாக ஆமாம் என்பது சட்டென்று வருகிறது, இல்லை என்பதும் பிடிகொடுக்காத பதிலும் சற்றுத் தாமதித்தே வருகின்றன. வேகமாகப் பதில் சொல்லும் வழக்கமுள்ள ஒருவர் தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கத்துக்குப் பொருள் உண்டு. ஆனால் தொலைபேசியிலும் காணொளிக் கூட்டத்திலும் இணைப்பே தாமதமாகும், அந்நிய மொழியில் பேசுகிறவருக்குச் சொல் தேடவும் நேரம் வேண்டும், ஆகவே மௌனத்தை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது.

முடிவுகட்ட வேறொன்று இருந்தது. மே 15-க்குள் அனுப்ப நினைக்கிற ஒருவர் உங்களை அங்கேயே கேள்விகளால் துளைத்திருப்பார். மொத்தமும் வேண்டுமா, பாதி போதுமா? விமானத்திலா, கப்பலிலா? கூடுதல் செலவு யாருடையது? வரைபடத்தில் இனி மாற்றம் வராதே? உண்மையான சம்மதம் அடுத்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். உங்களுக்கு வந்த பதிலில் ஆள் பெயர் இல்லை, தேதி இல்லை, திருப்பிக் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. இரண்டு பேரை அனுப்புகிறேன் என்றீர்களே, அவர்களுக்கு என்ன வேலை தெரியும், எப்போது வருவார்கள் என்றாவது கேட்டாரா?

அப்புறம் அந்தக் காரணம். நேரடியாகப் பேசிப் பழகியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மறுக்கிறவர் ஒரு காரணத்தைச் சொன்னதும், அது தீர்க்கவேண்டிய சிக்கல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆள் குறைவா, இதோ ஆள் தருகிறேன். அவர் அந்தக் காரணத்தைச் சொன்னது நீங்கள் முகம் வாடாமல் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழிவிடுவதற்காக. நீங்கள் அந்த வழியை அடைத்துவிட்டு உதவி செய்ததாக நினைத்துக்கொண்டீர்கள். அத்தனை பேர் முன்னால் அவருக்கு மிஞ்சியது என்ன? இன்னொரு காரணம் தேடுவது, இல்லையென்றால் நன்றி சொல்லிப் பேச்சை முடிப்பது. நன்றி சொன்னார். அதை நீங்கள் கையெழுத்தாக எடுத்துக்கொண்டீர்கள்.

எனக்குக் கோபம் வருவது இதில்தான், எஸ். இது உங்களுக்குப் புரியாத மொழியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமுடியுமா என்று உங்கள் மேலதிகாரி கேட்டால் "முடியாது" என்று ஒற்றைச் சொல்லில் சொல்வீர்களா? இழுப்பீர்கள், வீட்டில் ஒரு வேலை இருக்கிறதே என்பீர்கள், பார்க்கிறேன் என்பீர்கள், அவரும் புரிந்துகொள்வார். கிட்சிங்கர், ஃப்ரித் என்ற இருவர் 1999-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. உறவுக்கு வற்புறுத்தப்படும் பெண்கள் "வேண்டாம்" என்று உரத்துச் சொல்லப் பழகவேண்டும் என்ற அறிவுரையை எதிர்த்து எழுதியது. சாதாரணப் பேச்சில் யாருமே வெறும் "வேண்டாம்" என்று மறுப்பதில்லை, தயக்கமும் சாக்கும் பாராட்டும் கலந்துதான் மறுக்கிறோம், கேட்கிறவர்களுக்கு அது மறுப்பென்று தெரியும், தெளிவாகச் சொல்லவில்லை என்பது கேட்டவரின் வாதம் மட்டுமே என்று காட்டினார்கள். படித்ததிலிருந்து, "அவர்கள் தெளிவாகப் பேசுவதில்லை" என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது அங்கே யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான். உங்கள் கதையில் சரக்கு வாங்குகிறவர் நீங்கள். உங்களிடம் முடியாது என்று சொல்வதன் விலையை அவர்தான் கொடுக்கவேண்டும்.

சுற்றிவளைத்த பேச்சால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியாங்கா 52 விமானம் நியூயார்க் வானில் ஒரு மணிநேரத்துக்கும் மேல் காத்திருந்து, முதல் முறை தரையிறங்க முடியாமல் மீண்டும் மேலே எழும்பியது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று துணை விமானி சொன்னார், ஆனால் அவசரநிலை என்று அறிவிக்கவில்லை. சுமார் பதினைந்து மைல் சுற்றிக் கொண்டுவருகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் சரிதானே என்று கட்டுப்பாட்டு அறை கேட்டது. சரியென்றுதான் நினைக்கிறேன், மிக்க நன்றி என்றார் அவர். சில நிமிடங்களில் விமானம் விழுந்தது, 73 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை விமானிகளைத்தான் முதலில் குறை சொன்னது, அது சரியும்கூட. ஆனாலும் அந்தக் கேள்வியையும் பாருங்கள். அதிகாரத்தில் இருப்பவர் "சரிதானே" என்று கேட்டால் "சரி" என்ற பதில்தான் வரும். எத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒரு எண்ணைச் சொல்லியே ஆகவேண்டும்.

உங்கள் கேள்வியும் அப்படித்தான் இருந்தது. கூட்டம் நடத்தி, எல்லார் முன்னாலும், முடியுமா முடியாதா. ஜப்பானில் பல நிறுவனங்களில் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிக் கருத்தை அறிந்துகொள்வது வழக்கம், நெமவாஷி என்பார்கள். மறுப்பைத் தடையின்றிச் சொல்லும் இடம் அதுதான். கூட்டத்துக்கு வரும்போது பெரும்பாலும் முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

நாளைக்கு அந்த மேலாளருக்குத் தனியாக எழுதுங்கள். வேறு யாருக்கும் நகல் போடாதீர்கள். மே 15 என்று நீங்கள் கேட்டது அவர்களை நெருக்கடியில் வைத்துவிட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, எந்த உதிரிபாகங்கள் முதலில் தயாராகும், எந்த வாரத்தில் எத்தனை அனுப்ப வசதிப்படும் என்று மட்டும் கேளுங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், நினைவூட்டிக்கொண்டே இருக்காதீர்கள். எண்களோடு பதில் வந்தால் அதை வைத்துத் திட்டம் போடுங்கள். மறுபடியும் "பரிசீலிக்கிறோம்" என்று மட்டும் வந்தால், ஜூன் தேதியை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்புக்கொண்டார்கள் என்று மேலே எழுதிய அந்தக் குறிப்பைத் திருத்தி அனுப்புங்கள்.