விலை இறங்காத கடைக்காரரிடம் மூன்று முடிவுகளை ஒன்றாக வையுங்கள்

கேள்வி: புதுக்குடியிருப்பில் நெல் செய்கிறேன். கிளிநொச்சிக் கடையொன்றில் இரு சில்லு உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு 850,000 ரூபா சொல்கிறார்கள். ஒரு சதமும் குறைக்க மாட்டார்களாம். கையில் 500,000 தான் உண்டு. மிச்சம் காலபோக அறுவடை முடிந்துதான் வரும். எப்படிப் பேசுவது?

பதில்: விலையை மட்டும் பேசினால் ஒருவர் பெறுவதை மற்றவர் இழந்தே ஆகவேண்டும். ஆனால் இங்கே பணம் கொடுக்கும் காலம், வீடுவரை ஏற்றி இறக்குவது, முதல் வருடத்துச் சேர்விஸ் ஆகியவையும் உண்டு. இவற்றில் கடைக்காரருக்கு எது பெரிது என்று நேரே கேட்டால் அவர் சொல்லமாட்டார்; தெரிவு செய்ய வைத்தால் தானாகவே தெரியவரும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பெறுமதி என்று கணக்கிடுங்கள். நகையை அடகு வைத்து மிச்சப் பணத்தைப் புரட்டினால் மாசி, பங்குனி வரை வட்டி சுமார் 20,000, ஏற்றுகூலி 10,000, சேர்விஸ் 15,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பின்வரும் மூன்றிலும் உங்கள் மொத்தச் செலவு ஏறக்குறைய 845,000 தான். முதலாவது, முழுப் பணமும் இப்போதே, வேறெதுவும் வேண்டாம், விலை 800,000. இரண்டாவது, இப்போது 500,000, மிச்சம் அறுவடைக்குப் பின், ஏற்றுகூலியும் சேர்விஸும் உங்கள் பொறுப்பு, விலை 820,000. மூன்றாவது, முழுப் பணமும் இப்போதே, ஏற்றி இறக்குவதும் சேர்விஸும் கடையின் பொறுப்பு, விலை 825,000. மொத்தச் செலவில் உங்கள் எல்லை 865,000 என்றால் மூன்றையும் அதற்குக் கீழேயே வையுங்கள். எல்லையிலேயே தொடங்கினால் பிறகு விட்டுக்கொடுக்க ஒன்றும் இராது.

மூன்றையும் ஒரே தாளில் எழுதி ஒரே நேரத்தில் கொடுத்து, "இதில் எது உங்களுக்குக் கிட்டவாக இருக்கிறது?" என்று கேளுங்கள். "சம்மதமா?" என்று கேட்டால் மறுப்பே வரும். எதையும் ஏற்காவிட்டாலும், எது குறைவாகக் கசக்கிறது என்ற பதிலே உங்களுக்குப் போதும். மூன்றாவதைத் தொட்டால், பரந்தன் - முல்லைத்தீவு வீதியால் அவருடைய வாகனம் எப்படியும் வந்து போகக்கூடும், மெக்கானிக்கும் சம்பளத்தில் இருக்கக்கூடும். அந்த வேலைகள் அவருக்கு மலிவு என்று கொள்ளலாம். அப்போது விலையில் 10,000 கூட்டி, இன்னொரு சேர்விஸைக் கேளுங்கள். இரண்டாவதைத் தொட்டால் அவருக்கு உடனடிப் பண நெருக்கடி இல்லை. தவணையை நீட்டியும், முற்பணத்தைக் குறைத்தும் பேசலாம்.

பெரும்பாலும் நேர்கிற சிக்கல், முதலாவதைப்போல முழுப் பணத்தையும் இப்போதே, ஆனால் இரண்டாவதின் விலையில் கேட்பார், அல்லது மூன்றாவதிலிருந்து சேர்விஸை மட்டும் கழற்றிவிடுவார். ஒவ்வொன்றும் முழுதாகவே எடுபடும், ஒன்று மாறினால் விலையும் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றுக்கு மேல் வைத்தால் அவரும் குழம்புவார், அவருடைய விருப்பமும் உங்களுக்குப் பிடிபடாது.

உடன்பட்டதும் மிச்சத்தொகை, கொடுக்கும் திகதி, சேர்விஸ் எத்தனை என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை.