தங்கச் சந்தைக் குறிப்புகளில் வரும் புல்லிஷ், பேரிஷ், லாங், ஷார்ட், லாட்: கேள்வி பதில்

நீலகிரி உறுப்பினர்கள் சிலரின் கேள்விகளுக்கு, குன்னூரில் பல ஆண்டுகள் பண்டகச் சந்தைத் தரகு அலுவலகத்தில் பணியாற்றிய உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகளில் வரும் விலைகள் கணக்கு எளிதாக இருப்பதற்காக வைத்துக்கொண்டவை. இன்றைய விலைகள் அல்ல.

கோத்தகிரி, ஆசிரியை: "தங்கம் புல்லிஷ் என்று எழுதுகிறார்கள். அடுத்த வரியிலேயே இப்போது லாங் போகாதீர்கள் என்கிறார்கள். எதை நம்புவது?"

இரண்டையும் நம்பலாம். புல்லிஷ் என்பது விலை ஏறும் என்ற கருத்து, பேரிஷ் என்பது இறங்கும் என்ற கருத்து. இரண்டிலும் பணம் எதுவும் இறங்கவில்லை. லாங், ஷார்ட் என்பவை பணத்தைப் போட்டு எடுத்த நிலைகள். விலை ஏறும் என்று கருதுகிற ஒருவரே, நேற்று ஒரே நாளில் அளவுக்கு மீறி ஏறிவிட்டது, கொஞ்சம் இறங்கி வந்தால் வாங்கலாம் என்று காத்திருப்பது வழக்கம்தான். "1,20,000க்கு மேல் நிற்கும் வரை புல்லிஷ்" என்று எழுதியிருந்தால், அந்த விலை உடைந்ததும் எழுதியவர் தம் கருத்தைக் கைவிடுவார் என்று பொருள். எவ்வளவு காலத்துக்கு என்பதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அன்றைய வர்த்தகத்துக்கு எழுதிய பேரிஷ் என்ற சொல்லைப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டுக் கல்யாணத்துக்கு நகை வாங்குவதைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், இந்தக் குறையை நான் சிறியதாக நினைப்பதில்லை.

ஊட்டி, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்: "லாங் என்றால் பல வருடம் வைத்திருப்பது, ஷார்ட் என்றால் இரண்டு நாளில் முடிப்பது. மகள் கல்யாணத்துக்காகப் பத்துப் பவுன் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். அப்படியானால் நான் லாங்தானே ஐயா?"

நீங்கள் லாங்தான், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல. விலை ஏறினால் யாருக்கு ஆதாயமோ அவர் லாங், இறங்கினால் யாருக்கு ஆதாயமோ அவர் ஷார்ட். பத்து நிமிடத்தில் விற்றுவிட்டவரும் அந்தப் பத்து நிமிடம் லாங்காகத்தான் இருந்தார். ஷார்ட் நிலையை இரண்டு மாதம் வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். கல்யாணத்துக்கு இன்னும் பத்துப் பவுன் வாங்க வேண்டியிருந்தால், அந்தப் பத்துப் பவுனைப் பொறுத்தவரை, எந்த ஒப்பந்தமும் போடாமலேயே நீங்கள் ஷார்ட்டில் இருப்பவரின் இடத்தில்தான் இருக்கிறீர்கள். விலை ஏற ஏற உங்களுக்குத்தான் நஷ்டம்.

குன்னூர், கல்லூரி மாணவர்: "கையில் ஒரு கிராம் கூட இல்லாதவர் தங்கத்தை எப்படி விற்க முடியும்?"

எதிர்கால ஒப்பந்தத்தில் விற்கப்படுவது இன்றைய தங்கம் அல்ல, குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட அளவைத் தருவதாகச் சொல்லும் வாக்கு. தவணை முடியும் முன் அதே ஒப்பந்தத்தை வாங்கிவிட்டால் வாக்கு தீர்ந்துவிடும். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசமே லாபமோ நஷ்டமோ ஆகும்.

இந்தியப் பண்டகச் சந்தையான எம்.சி.எக்ஸில் திரையில் GOLDM என்று தெரியும் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு லாட் 100 கிராம், ஆனால் விலை 10 கிராமுக்குச் சொல்லப்படும். ஒருவர் திங்கட்கிழமை 1,20,000 ரூபாயில் ஒரு லாட் ஷார்ட் போகிறார். ஒப்பந்தத்தின் மதிப்பு 12 லட்சம். முன்பணமாகக் கட்ட வேண்டிய மார்ஜின் பத்து சதவீதம் என்று வைத்தால் அவர் கட்டியது 1,20,000 ரூபாய். அன்று சந்தை 1,20,900இல் முடிகிறது. திரையில் தெரிவது 900 ரூபாய் ஏற்றம், அவர் கணக்கில் கழிவது 9,000 ரூபாய். இது ஒப்பந்தம் முடியும் வரை காத்திருக்காது, அன்றன்றைக்கே கழிக்கப்படும். புதன்கிழமை விலை 1,19,400க்கு இறங்கி, அங்கே அவர் திரும்ப வாங்கினால் மொத்தத்தில் 6,000 ரூபாய் லாபம், தரகும் வரியும் போக.

ஆனால் திங்கள் இரவு குறைந்த 9,000 ரூபாயை ஈடுகட்டக் கையில் பணம் இல்லாதவராக இருந்தால், தரகர் செவ்வாய்க்கிழமையே அவர் நிலையை முடித்துவிடலாம். அப்போது அவருடைய பேரிஷ் கருத்து சரியாகவே இருந்தும் அவருக்கு நஷ்டம்தான். என் அலுவலகத்தில், கருத்து தவறிப் பணம் இழந்தவர்களைவிட இப்படி இழந்தவர்களே என் கண்ணுக்கு அதிகம் பட்டார்கள்.

குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்: "லாட் எங்களுக்குப் பழகிய சொல்தான். ஏலத்துக்கு இத்தனை மூட்டை சேர்த்து ஒரு லாட் என்று போடுவோம். தங்கத்திலும் விற்கிறவர் கட்டுவதுதானே?"

பாதி சரி. பிரிக்காமல் முழுதாக விற்கப்படும் அளவு என்பது இரண்டுக்கும் பொது. தேயிலையில் ஒரு லாட்டின் எடை வேறு, அடுத்ததன் எடை வேறு. வாங்குகிறவர் மாதிரியைச் சுவைத்துப் பார்த்து விலை சொல்கிறார். தங்கத்தில் லாட்டின் எடையையும் தரத்தையும் சந்தையே நிர்ணயிக்கிறது, விற்பவருக்கு அதில் சொல் இல்லை. GOLD என்றால் ஒரு கிலோ, GOLDM என்றால் 100 கிராம், GOLDGUINEA என்றால் 8 கிராம், அதாவது ஒரு பவுன், GOLDPETAL என்றால் ஒரு கிராம்.

புதியவர்கள் தடுமாறுவது விலை சொல்லும் அளவில்தான். முதல் இரண்டுக்கும் விலை 10 கிராமுக்கு, கினிக்கு 8 கிராமுக்கு, பெட்டலுக்கு ஒரு கிராமுக்கு. மேலே சொன்ன அதே 900 ரூபாய் ஏற்றம் கிலோ ஒப்பந்தத்தில் 90,000 ரூபாய். ஆகவே "இரண்டு லாட் லாங்" என்று குறிப்பில் படித்தால், எந்த ஒப்பந்தத்தில் என்று தெரியாதவரை அதற்குப் பொருளே இல்லை.

அருவங்காடு: "செல்பேசியில் XAUUSD 0.01 லாட் என்று வருகிறது. அது எத்தனை கிராம்?"

XAUUSD என்பது ஒரு அவுன்ஸ் தங்கத்தின் டாலர் விலை. வெளிநாட்டுத் தளங்களில் ஒரு லாட் பெரும்பாலும் 100 அவுன்ஸ். 0.01 லாட் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 31.1 கிராம், விலை ஒரு டாலர் நகர்ந்தால் ஒரு டாலர் லாபமோ நஷ்டமோ வரும். அந்தக் குறிப்பில் உள்ள லாட் கணக்கை எம்.சி.எக்ஸ். ஒப்பந்தத்துக்குப் பொருத்த வேண்டாம்.

கூடலூர், நகைக்கடைக்காரர்: "விலை ஏறியதும் புல்லிஷ் என்று எழுதிவிடுகிறார்கள், ஓபன் இன்ட்ரஸ்ட் குறைந்ததைப் பார்ப்பதில்லை. அது வெறும் ஷார்ட் கவரிங். இன்னொன்று, கடை இருப்புக்கு எதிராக நான் ஷார்ட் வைத்திருக்கிறேன், ஆனால் நான் பேரிஷ் அல்ல."

இரண்டாவதை முழுமையாக ஏற்கிறேன். கடையில் இருக்கும் நகையால் நீங்கள் லாங், ஒப்பந்தத்தால் ஷார்ட். விலை எந்தப் பக்கம் போனாலும் ஒன்றின் இழப்பை மற்றது பெரும்பகுதி ஈடுசெய்யும். உங்கள் ஷார்ட் நிலை உங்கள் கருத்தைச் சொல்வதில்லை.

முதலாவதில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஓபன் இன்ட்ரஸ்ட், அதாவது முடிக்கப்படாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, குறைந்துகொண்டே விலை ஏறினால், புதிதாக வாங்குபவர்களைவிட, முன்பு விற்றவர்கள் நஷ்டத்துக்கு அஞ்சித் திரும்ப வாங்கும் ஷார்ட் கவரிங்கே காரணம் என்று எடுத்துக்கொள்வது மரபு. அவர்கள் வாங்கி முடித்ததும் ஏற்றம் தளரலாம் என்பதும் உண்மை. ஆனால் தவணை நெருங்கும் நாட்களில், நிலைகளை அடுத்த மாதத்துக்கு மாற்றுவதாலேயே இந்த மாத எண்ணிக்கை குறையும். அப்போது இரண்டு மாதங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கூடலூர் நகைக்கடைக்காரர் மீண்டும்: "கூட்டிப் பார்த்தாலும் குறைந்திருந்தால்?"

அப்போது உங்கள் பக்கம் வலுவாகிறது. ஆனாலும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு லாங்கும் ஒரு ஷார்ட்டும் உண்டு என்பதால், லாபத்தோடு வெளியேற லாங் அவசரப்பட்டாரா, நஷ்டத்தை நிறுத்த ஷார்ட் அவசரப்பட்டாரா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. விலை போன திசையை வைத்து ஊகிக்கிறோம், அவ்வளவே. இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.