சேலத்தில் உச்சிவேளை எத்தனை மணிக்கு?

"சேலத்துல சரியா 12 மணிக்கு வெயில்ல குச்சி நட்டேன். நிழல் நேரா வடக்க விழாம மேற்க சாய்ஞ்சிருக்கு. கடிகாரம் தப்பா, நான் நட்டது தப்பா?"

ரெண்டுமே தப்பில்லை. உங்கள் கடிகாரம் காட்டுவது நாடு முழுவதற்கும் பொதுவான நேரம், அதாவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். சேலம் இருப்பது 78.15 டிகிரியில், அதாவது 4.35 டிகிரி மேற்கே. பூமி ஒரு டிகிரி திரும்ப 4 நிமிடம் ஆகிறது. அதனால் சூரியன் அந்தக் கோட்டைத் தாண்டி 17 நிமிடம் கழித்துத்தான் நம் தலைக்கு மேல் வருகிறது. 12 மணிக்கு அது இன்னும் கிழக்கே இருப்பதால் நிழல் மேற்கே சாய்கிறது.

அப்போது தினமும் 12:17தானா என்றால், இல்லை. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது, சுற்றுப்பாதையும் சரியான வட்டமில்லை. இந்த இரண்டாலும் சூரியன் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். சேலத்தில் நவம்பர் தொடக்கத்தில் உச்சி 12:01க்கே வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12:31 வரை தள்ளிப்போகும். இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால்தான் பலருக்கும் குழப்பம் வருகிறது.

ஒரு பொங்கலன்று மொட்டை மாடியில் 30 செ.மீ. குச்சி நட்டுப் பார்த்தேன். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பார்த்தால் பிடிபடாது. அன்றைக்கு 12:10க்கும் 12:26க்கும் நடுவே நிழலின் நீளம் 2 மில்லிமீட்டர்தான் மாறும், நுனியோ மங்கலாக இருக்கும். அதனால் குச்சியைச் சுற்றி 24 செ.மீ. ஆரத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டேன். காலையில் நீளமாக இருந்த நிழல் சுருங்கிச் சுருங்கி 11:02க்கு நுனி வட்டத்தைத் தொட்டது. அப்புறம் மறுபக்கம் நீண்டு 1:51க்குத் திரும்பவும் தொட்டது. இரண்டுக்கும் நடு நேரம் 12:26 தாண்டி அரை நிமிடம். 17 நிமிடத்தோடு ஜனவரி நடுவில் சூரியன் பிந்தும் 9 நிமிடத்தைச் சேர்த்தால் கணக்கு ஒத்துவருகிறது. குச்சி மட்டும் நேராக நிற்க வேண்டும், தூக்குநூல் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஏற்காட்டுக்குப் போனால் மாறுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். மலை உயரத்துக்கும் உச்சிவேளைக்கும் சம்பந்தமில்லை. ஏற்காடு சற்றே கிழக்கே இருப்பதால் கால் நிமிடம் முந்தும், அவ்வளவுதான்.

நாட்டின் இரண்டு ஓரத்தையும் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதே பொங்கலன்று அசாமின் திப்ருகரில் 11:20 சுமாருக்கே உச்சி வந்துவிடும். குஜராத்தின் துவாரகையில் 1:03 ஆகும். இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒரே மணிதான் காட்டும், சூரியன் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் வித்தியாசப்படும். அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பழக்கம் இதனால் வந்ததுதான்.